முதல் ஆள் எழவில்லை என்றால் இரண்டாம் ஆளை எத்தனையாவது நிமிடத்தில் எழுப்புவது?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள எங்கள் மருந்துக் கிடங்கில் 2–8 டிகிரி குளிர் அறை ஒன்று இருக்கிறது. வெப்பநிலை 7 டிகிரியைத் தாண்டி 10 நிமிடம் நீடித்தால் இரவுப் பொறுப்பாளருக்கு எஸ்.எம்.எஸ். போகும், அவர் ஆவடியில் இருக்கிறார். அவர் ஏற்காவிட்டால் 30 நிமிடம் கழித்து கொளத்தூரில் இருக்கும் இன்னொருவருக்குப் போகும். ஜெனரேட்டரைக் கையால்தான் போட வேண்டும். கம்ப்ரசரை நிறுத்திப் பார்த்ததில் 7இலிருந்து 8க்கு ஏற 75 நிமிடம் ஆனது. இந்த 30 நிமிடத்தை 10 ஆக்கலாமா, அல்லது இருவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடலாமா, சார்?

பதில்:

30 நிமிடத்தை 5 ஆக்குங்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். எஸ்.எம்.எஸ்.ஸை மட்டும் நம்பாமல் தொலைபேசி அழைப்பையும் சேருங்கள். இந்த 5 எங்கிருந்து வருகிறது என்பதை விளக்குகிறேன். உங்கள் ஆட்களோ அவர்களுடைய வீடுகளோ மாறும்போது அந்தக் கணக்கை நீங்களே மறுபடியும் போட வேண்டியிருக்கும்.

முதல் ஆளுக்கு எவ்வளவு அவகாசம் கொடுப்பது என்று யோசிக்கும்போது, எல்லோரும் முதல் ஆளைப் பற்றியே யோசிக்கிறார்கள்: அவர் எழுந்து போனைப் பார்க்க எவ்வளவு நேரமாகும், பாவம், கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்போமே என்று. உண்மையில் அந்த அவகாசத்தின் உச்ச வரம்பை நிர்ணயிப்பவர் இரண்டாம் ஆள். முதல் ஆள் எழவே இல்லை என்று வைத்துக்கொண்டு, இரண்டாம் ஆள் வந்து வேலையை முடிக்கத் தேவைப்படும் நேரத்தைப் பின்னாலிருந்து கழித்துக்கொண்டு வந்தால், மிஞ்சுவதுதான் முதல் ஆளுக்கு உரியது.

உங்கள் அறைக்கே அதைப் போட்டுப் பார்ப்போம். 7இலிருந்து 8க்கு ஏற 75 நிமிடம். ஆனால் எச்சரிக்கை 7ஐத் தொட்டவுடன் கிளம்புவதில்லை. கதவைத் திறந்து மூடுவதற்கெல்லாம் மணி அடிக்கக் கூடாது என்பதற்காக 10 நிமிடம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அது சரியான ஏற்பாடுதான். சென்சார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவு அனுப்புவது என்றால் (பல சாதனங்களில் அப்படி அமைத்திருப்பார்கள், உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள்) அதிலும் 5 நிமிடம் வரை போகக்கூடும். ஆக, முதல் செய்தி கிளம்பும்போதே மோசமான நிலையில் 15 நிமிடம் செலவாகியிருக்கும். கையில் இருப்பது 60 நிமிடம்.

இப்போது கொளத்தூர்க்காரரை எடுத்துக்கொள்வோம். அவர் எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, வண்டியைக் கிளப்ப 5 நிமிடம். நள்ளிரவில் பாடி வழியாக எஸ்டேட்டுக்கு 25 நிமிடம். கிடங்கைத் திறந்து, ஜெனரேட்டரைப் போட்டு, மின்சாரம் மாறி, கம்ப்ரசர் ஓடுவதைக் கண்ணால் பார்க்க 10 நிமிடம். மொத்தம் 40. அவரும் மனிதர்தானே, முதல் மணியிலேயே எடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் ஏற்பதற்கு 5 நிமிடம் வைப்போம். 60இல் 45 போனால் 15. முதல் ஆளுக்கு நீங்கள் தரக்கூடிய உச்சம் இந்த 15 நிமிடம்தான். இப்போது நீங்கள் வைத்திருக்கும் 30இல் இரண்டாம் ஆள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும், முதல் செய்தி கிளம்பியதிலிருந்து 75ஆவது நிமிடத்தில்தான் கம்ப்ரசர் ஓடும். அறை 8ஐத் தாண்டி 15 நிமிடம் ஆகியிருக்கும். அதாவது இரண்டாம் ஆள் என்று ஒருவர் பெயர் பட்டியலில் இருக்கிறதே தவிர, அவரால் சரக்கைக் காப்பாற்ற முடியாத நேரத்தில்தான் அவருக்குத் தெரிகிறது. (இந்த 30 உங்கள் தவறாக இருக்க வேண்டியதில்லை. பேஜர்டூட்டி போன்ற எச்சரிக்கை அனுப்பும் சேவைகளில், யாருக்குப் பிறகு யாரை அழைப்பது என்ற எஸ்கலேஷன் பாலிசியைப் புதிதாக உருவாக்கினால் 30 நிமிடம்தான் இயல்பாக வரும். யாரும் அதைத் தொடுவதில்லை.)

உங்கள் 75 நிமிடத்தையும் ஒருமுறை சந்தேகியுங்கள். எந்த மாதத்தில் பார்த்தீர்கள், அறையில் எவ்வளவு சரக்கு இருந்தது? நிறைந்த அறை மெதுவாகச் சூடாகும். பாதி காலியான அறை வேகமாகச் சூடாகும். டிசம்பரில் எடுத்த அளவு மே மாதத்துக்குப் பொருந்தாது. சென்சார் வெறும் காற்றில் தொங்குகிறதா, கிளைக்கால் என்ற திரவம் நிரப்பிய குப்பியில் முங்கியிருக்கிறதா என்பதும் முக்கியம். முன்னது காற்றின் சூட்டை உடனே காட்டும், பின்னது மருந்துப் புட்டிக்குள் நடப்பதை ஏறக்குறைய ஒத்து, மெதுவாக ஏறும். எந்தச் சென்சார் எச்சரிக்கை தருகிறதோ, அதே சென்சாரின் கணக்கில்தான் அந்த நேரத்தை அளந்திருக்க வேண்டும்.

15 வரை இடமிருக்கும்போது ஏன் 5 என்கிறேன்? கீழ் வரம்பு ஒன்றும் இருக்கிறது. அது தூங்குகிற மனிதனை எழுப்புவதற்கான நேரம். 5 நிமிடத்துக்குள் மூன்று முறை அழைப்பு வந்தும் எழாதவர், அடுத்த 10 நிமிடத்தில் எழுந்துவிடுவார் என்று நம்பக் காரணம் இல்லை: போன் சைலன்டில் இருக்கும், சார்ஜ் இறங்கியிருக்கும், அல்லது வேறு அறையில் இருக்கும். அந்த 10 நிமிடத்தை அவருக்குக் கொடுப்பதைவிட இரண்டாம் ஆளுக்கும் மூன்றாம் ஆளுக்கும் கொடுப்பது மேல். ஆனால் 1 நிமிடம், 2 நிமிடம் என்று இறுக்கினால், குளியலறையில் இருந்த முதல் ஆள் வெளியே வருவதற்குள் இரண்டாம் ஆளும் எழுந்துவிடுவார். அது வாரத்துக்கு இரண்டு முறை நடந்தால், அவர் எழுவதையே நிறுத்திவிடுவார்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம், 'அவர் போயிருப்பார்' என்ற எண்ணம். 1968இல் டார்லி, லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதாகக் குரல் கேட்கும். அதைக் கேட்பவர் தான் ஒருவரே என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர், அந்தக் குரல் ஓய்வதற்குள் உதவி தேடிப் போனார்கள். தன்னோடு இன்னும் நான்கு பேருக்குக் கேட்கிறது என்று நம்பியவர்களில் 31 விழுக்காட்டினரே போனார்கள். நடு இரவில் ஒரே எஸ்.எம்.எஸ். இரண்டு பேருக்கு வரும்போது நடப்பது இதன் சிறு வடிவம். எந்த நேரத்திலும் பொறுப்பு ஒரே ஒருவர் பெயரில் இருக்க வேண்டும், அது யார் பெயரில் இருக்கிறது என்பது மற்றவருக்கும் தெரிய வேண்டும். படிப்படியாக ஏற்றுவதன் பயன் அதுதான்.

அடுத்து, எதை 'ஏற்பு' என்று கணக்கில் எடுப்பது. இங்கேதான் அதிகமான ஏற்பாடுகள் சறுக்குகின்றன. எஸ்.எம்.எஸ். 'டெலிவர்டு' என்று வருவது ஏற்பு அல்ல. போன் வாங்கிக்கொண்டது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அழைப்பை எடுத்ததும் ஏற்பு அல்ல. வாய்ஸ்மெயில் எடுக்கலாம், வீட்டிலிருக்கும் குழந்தை எடுக்கலாம், தூக்கத்தில் விரல் பட்டும் எடுத்துவிடலாம். பொறுப்பாளர் விழித்திருந்து, செய்தியைக் கேட்டு, ஒரு எண்ணை அழுத்த வேண்டும். அதையும் எல்லோரும் வைக்கிற 1 என்று வைக்காமல், செய்தியின் கடைசியில்தான் தெரியவரும் எண்ணாக வையுங்கள்: "அம்பத்தூர் குளிர் அறை. இப்போது 7.4 டிகிரி, ஏறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஏற்றுக்கொண்டால் 4ஐ அழுத்துங்கள். வர இயலாவிட்டால் 9ஐ அழுத்துங்கள்."

அந்த 9ஐ விட்டுவிடாதீர்கள். பொறுப்பாளருக்குக் காய்ச்சல், அல்லது ஊரில் திருவிழா என்று திருவண்ணாமலை போயிருக்கிறார் என்றால், அவர் பேசாமல் இருந்து 5 நிமிடத்தை வீணாக்குவதைவிட, "என்னால் முடியாது" என்று சொன்ன அந்த நொடியே இரண்டாம் ஆளுக்கு அழைப்பு போவது நல்லது. 9ஐ அழுத்துபவரை மறுநாள் யாரும் கடிந்துகொள்ளக் கூடாது என்பதையும் மேலாளரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை 9ஐ அழுத்தாமல், போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

அழைப்பு எப்படிப் போக வேண்டும் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஐபோனில் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டிருந்தாலும், ஒரே எண்ணிலிருந்து 3 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைப்பு வந்தால் அதை ஒலிக்கவிடும் அமைப்பு இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் 15 நிமிடத்துக்குள் திரும்ப அழைப்பவருக்கு அதேபோல் வழிவிடும் அமைப்பு உண்டு. ஆகவே முதல் அழைப்பு 0ஆவது நிமிடத்தில், இரண்டாவது 2ஆவது நிமிடத்தில், மூன்றாவது 4ஆவது நிமிடத்தில் என்று வையுங்கள். ஆனால் இது 'ஒரே எண்ணிலிருந்து' வந்தால்தான் வேலை செய்யும். கிளவுட் டெலிபோனி சேவைகள் பல, ஒவ்வொரு அழைப்பையும் தம்மிடம் இருக்கும் எண்களில் ஏதோ ஒன்றிலிருந்து விடும். அப்போது மூன்று அழைப்புகளும் போனுக்கு மூன்று அந்நியர்களாகத் தெரியும், ஒன்றும் ஒலிக்காது. உங்கள் சேவையாளரிடம் நிலையான ஒரே எண்ணைக் கேட்டு வாங்கி, அதை இருவரும் தம் போனில் பெயரோடு சேமித்து, எந்நேரமும் ஒலிக்கும் தொடர்பாகக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ட்ரூகாலர் ஸ்பேம் என்று தடுத்துவிடுவதும் இதனால் தவிரும்.

எஸ்.எம்.எஸ்.ஸில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளில் அனுப்புநர் பெயரான ஹெடரும், வாசகத்தின் வடிவமான டெம்ப்ளேட்டும் மொபைல் நிறுவனங்களின் டி.எல்.டி. பதிவுத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. பதிவான வாசகத்தோடு ஒத்துப்போகாத செய்தியை மொபைல் நிறுவனம் தடுத்துவிடும். யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில் "அவசரம்!" என்று ஒரு சொல்லை மென்பொருளில் சேர்த்துவிட்டு டி.எல்.டி.யில் மாற்ற மறந்துவிட்டால், அன்றிலிருந்து ஒரு எச்சரிக்கையும் போகாது. உங்கள் மென்பொருளோ 'அனுப்பப்பட்டது' என்றே காட்டிக்கொண்டிருக்கும். முதல் ஆள் ஏற்கவில்லை என்பதற்கு, அவர் தூங்கினார் என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பதை இது காட்டும். அதே டெம்ப்ளேட், அதே சேவையாளர் வழியாகவே இரண்டாம் ஆளுக்கும் போனால், இரண்டு பேரை வைத்திருப்பதால் ஒரு பயனும் இல்லை. அதனால்தான் எஸ்.எம்.எஸ்.ஸை ஒரு வழியாகவும், அழைப்பை முடிந்தால் வேறொரு சேவையாளர் வழியாகவும் வைக்கச் சொல்கிறேன்.

இனி, ஏற்றுக்கொண்டுவிட்டு வராதவர். அரைத் தூக்கத்தில் 4ஐ அழுத்திவிட்டு மறுபடி கண்ணயர்ந்தவர் எந்த ஏற்பாட்டிலும் இருப்பார். அழுத்தாதவரைவிட இவர் ஆபத்தானவர், ஏனென்றால் அவருடைய ஏற்பு மற்ற எல்லோரையும் தூங்கவிட்டுவிடுகிறது. ஆகவே ஏற்புக்குக் காலாவதி இருக்க வேண்டும். உங்கள் கணக்கில் அது எங்கே விழுகிறது? இரண்டாம் ஆளுக்கு ஏற்க 5, வந்து முடிக்க 40. 60இலிருந்து பின்னோக்கிப் போனால், அவருக்கு 15ஆவது நிமிடத்துக்குள் அழைப்பு போயாக வேண்டும். கொஞ்சம் இடம் விட்டு 12 என்று வையுங்கள். முதல் ஆள் 5ஆவது நிமிடத்துக்குள் ஏற்கிறார். 12ஆவது நிமிடத்துக்குள் "கிளம்பிவிட்டேன்" என்று இன்னொரு முறை உறுதி செய்கிறார். செய்யாவிட்டால், ஏற்காதவரைப் போலவே கருதி இரண்டாம் ஆளை அழையுங்கள். அப்போது 12, 5, 40 சேர்ந்து 57. அறை 8ஐத் தொட 3 நிமிடம் இருக்கும்போது கம்ப்ரசர் ஓடும். நெருக்கம்தான், ஆனால் கணக்கு நிற்கிறது.

இரண்டாம் ஆளுக்குப் போகும் செய்தி முதல் ஆளுக்குப் போனதன் நகலாக இருக்கக் கூடாது. "முதல் பொறுப்பாளர் பதிலளிக்கவில்லை, இப்போது பொறுப்பு உங்களுடையது, 8 டிகிரிக்கு ஏறக்குறைய 55 நிமிடம் இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால், அவர் செய்யும் முதல் வேலை முதல் ஆளுக்குப் போன் போட்டு, "அண்ணே, நீங்க கிளம்பிட்டீங்களா?" என்று கேட்பதாகத்தான் இருக்கும், அவர் எடுக்கமாட்டார் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டாம் ஆளுக்கு ஏற்றிய பிறகும் முதல் ஆளை அழைப்பதை நிறுத்தாதீர்கள். 7ஆவது நிமிடத்தில் அவர் விழித்து 4ஐ அழுத்தினால், இரண்டாம் ஆள் இன்னும் ஏற்காதிருக்கும்வரை பொறுப்பு அவருக்கே வரலாம். இரண்டாம் ஆள் முந்திக்கொண்டிருந்தால், "அவர் ஏற்றுக்கொண்டார், நீங்கள் கிளம்ப வேண்டாம்" என்று இவருக்குச் சொல்லிவிட வேண்டும். யார் முந்தினாலும் மற்றவருக்கு உடனே செய்தி போக வேண்டும். மழையில் இருவரும் வந்து கிடங்கு வாசலில் சந்தித்துக்கொள்வதை இது தடுக்கும்.

மென்பொருளை உங்கள் ஆட்களே எழுதுகிறார்கள் என்றால் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, 5 நிமிடக் காத்திருப்பை நிரலின் நினைவகத்தில் ஓடும் கடிகாரமாக வைக்கக் கூடாது. உங்கள் அறை சூடாவதற்கு முதன்மையான காரணமே மின்தடைதான். அதே மின்தடையில் அலுவலகக் கணினியும் அணைந்து மறுபடி எழுந்தால், ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் மறைந்துவிடும், இரண்டாம் ஆளுக்கு அழைப்பு போகவே போகாது. 'அடுத்த படிக்கு எப்போது' என்ற நேரத்தைத் தரவுத்தளத்தில் எழுதி வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்ப்பது பாதுகாப்பானது:

```sql
UPDATE alerts
SET    level = 2,
       next_at = now() + interval '5 minutes'
WHERE  id = 4172
  AND  state = 'open'
  AND  level = 1
  AND  next_at <= now();
```

இது ஒரு வரியை மாற்றியதாகச் சொன்னால் மட்டும் இரண்டாம் ஆளை அழையுங்கள். எந்த வரியும் மாறவில்லை என்றால், நேரம் இன்னும் ஆகவில்லை, அல்லது அந்த இடைவெளியில் முதல் ஆள் ஏற்றுவிட்டார், அல்லது இன்னொரு நிரல் ஏற்கெனவே இரண்டாம் படிக்கு ஏற்றிவிட்டது என்று பொருள். எப்படியிருந்தாலும் அழைக்க வேண்டியதில்லை. முதலில் படித்துப் பார்த்துவிட்டு, பிறகு தனியாக மாற்றும் முறையில், அந்த இரண்டுக்கும் நடுவே ஏற்பு வந்து விழுந்து, ஏற்கப்பட்ட எச்சரிக்கைக்கு இரண்டாம் ஆள் எழுப்பப்படுவார். இந்த நிரலும் தரவுத்தளமும் கிடங்குக்கு வெளியே இருப்பது நல்லது. உள்ளே இருக்க வேண்டியது சென்சாரும் ரூட்டரும் மட்டுமே. அவை இரண்டும் யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும். 15 நிமிடமாக எந்த அளவும் வரவில்லை என்றால், அதையும் 7 டிகிரியைத் தாண்டியதைப் போலவே கருதி இதே ஏணியில் ஏற்றுங்கள்.

இரண்டாவது கவனம், மின்சாரம் வந்து வந்து போகும் இரவுகளுக்கானது. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். 2:10க்கு எச்சரிக்கை திறக்கிறது, முதல் ஆளுக்கு அழைப்பு போகிறது. 2:14க்கு மின்சாரம் வந்து 6.9 என்று காட்டுகிறது; எச்சரிக்கை தானாக மூடுகிறது. 2:16க்கு மின்சாரம் மறுபடி போகிறது. 2:30க்குப் புதிய எச்சரிக்கை, புதிய எண், முதல் படியிலிருந்து புதிய 5 நிமிடம். 2:34க்கு மறுபடி மூடுகிறது. இப்படியே விடியும்வரை போனாலும், எந்த ஓர் எச்சரிக்கையும் 5 நிமிடம் வாழாததால் இரண்டாம் ஆளுக்கு ஒரு அழைப்பும் போயிருக்காது; முதல் ஆளோ சைலன்டில் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். பதிவேட்டில் 'தானாகச் சரியானது' என்று வரிசையாக வேறு இருக்கும். இதற்கு மருந்து இரண்டு. திறக்கும் அளவும் மூடும் அளவும் ஒன்றாக இருக்கக் கூடாது. 7இல் திறந்தால், 6க்குக் கீழ் 15 நிமிடம் நின்ற பிறகுதான் மூட வேண்டும். மூடிய ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி திறந்தால், அது பழைய எச்சரிக்கையாகவே, எந்தப் படியில் விட்டதோ அந்தப் படியிலிருந்து தொடர வேண்டும்.

மூன்றாம் படியாக யாரை வைப்பது? பெரும்பாலான இடங்களில் மேலாளரை வைப்பார்கள். அவர் பதவியில் பெரியவர், ஆனால் அவர் தாம்பரத்தில் இருந்தால் இந்தக் கணக்கில் அவருக்கு இடமில்லை. 10ஆவது நிமிடத்தில் அழைக்கப்படும் மூன்றாம் ஆள், வளாகத்திலேயே இருக்கும் செக்யூரிட்டி அண்ணனாக இருக்க வேண்டும். அவருக்குப் பயண நேரம் இல்லை. 5 நிமிடத்தில் எடுத்து, 10 நிமிடத்தில் ஜெனரேட்டரைப் போட்டால் 25ஆவது நிமிடத்திலேயே முடிந்துவிடும். அப்படியானால் அவரையே முதல் ஆளாக வைக்கலாமே என்று கேட்பீர்கள். மின்தடைக்கு அது சரி. ஆனால் கம்ப்ரசர் பழுது, கேஸ் கசிவு, பனியை உருக்கும் டீஃப்ராஸ்ட் ஹீட்டர் அணையாமல் நிற்பது போன்றவற்றுக்கு ஜெனரேட்டரால் பயனில்லை; சரக்கை வேறு அறைக்கு மாற்றுவதா, ஐஸ் பேக் வைத்த பெட்டிகளில் அடுக்குவதா, பழுது பார்ப்பவரை வரவழைப்பதா என்று முடிவெடுக்கத் தெரிந்தவர் வர வேண்டும். ஆகவே செக்யூரிட்டியின் வேலையை ஒரே கேள்வியாகச் சுருக்குங்கள்: கரண்ட் இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் ஜெனரேட்டரைப் போடுவது. இருந்தால், எதையும் தொடாமல் "கரண்ட் இருக்கு" என்று போனில் சொல்வது. மேலாளரையும் அதே 10ஆவது நிமிடத்தில் எழுப்புங்கள். அவர் வருவதற்கல்ல, யாராவது வருகிறார்களா என்று போனிலேயே பார்ப்பதற்கு.

இந்த ஏணி முழுவதும் 25 நிமிடப் பயணத்தின் மேல் நிற்கிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது உண்மையாக இருக்காது. கொரட்டூர்ப் பக்கம் தண்ணீர் நின்றால் கொளத்தூரிலிருந்து வர ஒரு மணி நேரம் ஆகலாம். அப்போது கணக்கு: எழுந்து கிளம்ப 5, பயணம் 60, வேலை 10, ஏற்க 5, மொத்தம் 80. கையில் இருப்பது 60. முதல் ஆளுக்கு 0 நிமிடம் கொடுத்தாலும் போதவில்லை. அவகாசத்தைக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது என்பதுதான் அந்த விடையின் பொருள். கனமழை எச்சரிக்கை வந்த இரவுகளில் ஒருவர் கிடங்கிலேயே தங்க வேண்டும். அவரே அன்றைக்கு முதல் ஆள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நகரின் பல பகுதிகளில் மின்சாரத்தோடு மொபைல் சிக்னலும் போய்விட்டது; அப்படிப்பட்ட இரவில் அழைப்பு என்பதே கிடையாது. அறையின் வாசலில் பேட்டரியில் ஓடும் ஒரு சைரன், இன்டர்நெட்டை நம்பாமல் நேரடியாகச் சென்சாரோடு இணைந்து, காது கிழிய அடிக்க வேண்டும்.

ஆட்டோ சேஞ்ச்ஓவர் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி பாதி குறையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜெனரேட்டர் தானாக ஓடினால், எச்சரிக்கை வருவது பழுதுக்கு மட்டும்தான். செலவு ஒத்துவந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். திறக்கும் அளவை 7இலிருந்து 6.5க்கு இறக்கி நேரத்தைக் கூட்டலாம் என்றும் சிலர் சொல்வார்கள். டீஃப்ராஸ்ட் ஓடும்போதெல்லாம் 6.5ஐத் தொடும் அறையாக இருந்தால் வேண்டாம், இரவெல்லாம் பொய் அழைப்பு வரும்.

ஏற்பாடு வேலை செய்கிறதா என்பதை மாதம் ஒருமுறை சோதியுங்கள். முதல் ஆளிடம் மட்டும் "இந்த வாரம் ஒரு நாள் இரவு அழைப்பு வரும், எடுக்காதீர்கள்" என்று சொல்லி வைத்துவிட்டு, சென்சாரைச் சூடான நீரில் வைத்து உண்மையான எச்சரிக்கையைக் கிளப்புங்கள். திரையில் 'சோதனை' பொத்தானை அழுத்துவதில் சென்சார், சிம், டி.எல்.டி. டெம்ப்ளேட் எதுவும் சோதிக்கப்படாமல் போகலாம். இரண்டாம் ஆளின் போன் எத்தனையாவது நிமிடத்தில் ஒலித்தது, அவர் எப்போது 4ஐ அழுத்தினார் என்பதை மட்டும் குறித்து வையுங்கள். கிளம்பி வரச் சொல்ல வேண்டாம்.

உண்மையான எச்சரிக்கைகளின் பதிவேட்டையும் அவ்வப்போது புரட்டுங்கள். 10 நொடியில் ஏற்பு வந்து, "கிளம்பிவிட்டேன்" வராத வரிகள் அடிக்கடி இருந்தால், அது தூக்கத்தில் அழுத்தும் பழக்கம்; அழுத்த வேண்டிய எண்ணை மாற்றுங்கள். ஏற்புகள் எல்லாம் 4ஆவது நிமிடத்துக்குப் பிறகே வந்தால், மூன்றாவது அழைப்புதான் அவரை எழுப்புகிறது. முதல் இரண்டும் ஏன் ஒலிக்கவில்லை என்று அவர் போனை வாங்கிப் பாருங்கள். இரண்டாம் ஆள் மாதத்தில் பலமுறை எழுப்பப்படுகிறார் என்றால், அவகாசத்தை நீட்டிவிடாதீர்கள், முதல் ஆளுக்கு இரவுப் பொறுப்பு வரும் முறையை மாற்றுங்கள். தொடர்ந்து ஏழு இரவு பொறுப்பு பார்ப்பவர் ஐந்தாவது இரவில் எழாமல் போவது அவர் குற்றம் அல்ல.

இந்த வாரமே செய்யக்கூடியவை: 30ஐ 5 ஆக்குவது, 12ஆவது நிமிட உறுதியைச் சேர்ப்பது, நிலையான ஒரே எண்ணை வாங்குவது. செக்யூரிட்டிக்கு ஜெனரேட்டர் போடக் கற்றுக்கொடுக்கும்போது பகல், இரவு இரண்டு ஷிஃப்ட் ஆட்களுக்கும் கற்றுக்கொடுங்கள். ஜெனரேட்டர் அறைச் சாவி இப்போது ஆவடிக்காரர் வீட்டில் இருந்தால், அதன் நகல் ஒன்று கேட் அறையிலேயே தொங்கட்டும்.